நானூறு பேருக்கு முன் பத்து நிமிடம்: நேரடி ஆட்சேர்ப்பு நாளின் தொடக்கப் பேச்சு

"சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வரவும்" என்று ஒரு நிறுவனம் யாழ்ப்பாணத்தில் அறிவித்தால், 40 இடத்துக்கு 400 பேர் வருவது புதினமில்லை. எட்டு மணிக்கே வாசலில் சனம் நிற்கும். நெல்லியடியிலிருந்து வந்தவர்கள், சாவகச்சேரியிலிருந்து வந்தவர்கள், விடிய முதல் படகேறிய நெடுந்தீவுப் பிள்ளைகள், மகளோடு வந்த தகப்பன்மார் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஒன்பது மணிக்கு ஆட்சேர்ப்புப் பொறுப்பாளர் மைக்கைப் பிடிப்பார். பல இடங்களில் அடுத்த அரைமணி நேரம் நிறுவனத்தின் வரலாறும், கொழும்புக் கட்டடத்தின் படங்களும், "நாங்கள் ஒரே குடும்பம்" என்ற பேச்சுமாகப் போய்விடும். பேச்சு முடிந்ததும் வாசலில் நிற்கும் தொண்டரிடம் சனம் கேட்பது "அண்ணை, சம்பளம் எவ்வளவாம்?" என்றுதான்.

அந்தப் பேச்சுக்கு இரண்டே வேலைதான் உண்டு. இந்த வேலை தனக்குச் சரிவராது என்று தெரிந்துகொள்ளக்கூடியவரை மேசைவரை இழுக்காமல் அப்போதே வீட்டுக்குப் போகவிடுவது ஒன்று. இருக்கப்போகிறவருக்குத் தன் முறை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது மற்றது. இரண்டுக்கும் மைக்கைத் தொடுமுன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கவேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுப்போம். பிரித்தானிய வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பதில் சொல்லும் வேலை, 40 இடம், வந்தவர்கள் 400 பேர், நேர்முகம் செய்ய எட்டுப் பேர் இருக்கிறார்கள். முதற்சுற்றில் எட்டு மேசை, மேசைக்கு ஒருவர். நான்கு நிமிடம் கதைப்பார்கள், குறிப்பெழுதி அடுத்தவர் வந்து இருப்பதற்கு ஒரு நிமிடம். ஆக ஒருவருக்கு ஐந்து நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு மேசையில் நான்கு பேர், எட்டு மேசையிலும் 32 பேர். 9.30 மணிக்குத் தொடங்கினால் 400 பேரையும் பார்த்து முடிக்க 1.40 ஆகும். மதியச் சாப்பாட்டுக்கு 45 நிமிடம் விட்டால் 2.25. இரண்டாம் சுற்றில் மேசைக்கு இருவர் வேண்டும், ஆகவே நான்கு மேசைதான். ஒருவருக்கு 15 நிமிடம். மாலை 5 மணிக்கு முன் ஒவ்வொரு மேசையிலும் பத்துப் பேர், மொத்தம் 40 பேர்.

இப்போது தொடக்கப் பேச்சைக் கேட்டபின் 70 பேர் போய்விட்டார்கள் என்று வைப்போம். மிச்சம் 330 பேர். முதற்சுற்று ஒரு மணிக்கே முடிந்துவிடும். இரண்டாம் சுற்று 1.45க்குத் தொடங்கும், ஒரு மேசையில் 13 பேர், மொத்தம் 52 பேர். எப்படியும் சேரமாட்டேன் என்று சொல்லியிருக்கக்கூடிய 70 பேரை மேசையில் இருத்தாததால், சேர விரும்பும் 12 பேரை அன்றே ஆழமாகப் பார்க்க முடிகிறது. அந்த 70 பேருக்கும் ஒரு சனிக்கிழமையின் பாதி மிச்சம்.

எழுபது பேர் ஏன் போகவேண்டும்? அவர்கள் கெட்டிக்காரர் இல்லை என்பதாலல்ல. சம்பளம், நேரம், இடம் இந்த மூன்றில் ஒன்று அவர்களுக்கு ஒத்துவராது. விளம்பரத்தில் இந்த மூன்றும் அரைகுறையாகத்தான் இருக்கும். ஆகவே பேச்சின் நடுப்பகுதி முழுவதும் இதுதான்.

சம்பளத்தை, கையில் வரும் தொகையிலிருந்து தொடங்கவேண்டும். விளம்பரத்தில் "65,000 ரூபா வரை" என்று போட்டிருக்கும். அந்த "வரை" என்ற சொல்லுக்குள் 45,000 அடிப்படைச் சம்பளமும், இலக்கை முழுதாக எட்டினால் மட்டும் கிடைக்கும் 20,000 ஊக்கத்தொகையும் இருக்கிறது என்று வையுங்கள். மண்டபத்தில் இருக்கிறவர் 65,000 என்றே மனதில் கணக்குப் போட்டிருப்பார். இதை மேடையில் இப்படிச் சொல்லலாம்:

"முதலிலை காசுக் கதையைக் கதைப்பம். அடிப்படைச் சம்பளம் 45,000. அதிலை ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 3,600 ரூபா, கழியும். கையிலை வாறது 41,400. கம்பனி தன்ரை பங்கா 12 வீதம், 5,400 ரூபா, அதே நிதியிலை உங்கடை பேரிலை போடும். நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,350 ரூபா, அதுவும் கம்பனிதான் கட்டும்; உங்கடை சம்பளத்திலை கை வைக்காது. விளம்பரத்திலை பாத்த 65,000 இலக்கை முழுசா எட்டினாத்தான். முதல் மூண்டு மாசம் பயிற்சியும் பழக்கமும். அந்த மூண்டு மாசமும் 41,400 எண்டு நினைச்சுக்கொண்டு முடிவெடுங்கோ."

இதைச் சொல்லும்போது மண்டபம் கொஞ்சம் சலசலக்கும். சலசலக்கட்டும். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளச் சிட்டையைக் கண்டபின் வரும் சலசலப்பைவிட இது மலிவு. பேசுகிறவர் இந்த இடத்தில் பயந்து "ஆனால் திறமையாகச் செய்தால் இன்னும் கூட எடுக்கலாம்" என்று சீனி தடவத் தொடங்கினால், சொன்ன 41,400 அழிந்து, பழையபடி 65,000தான் மனதில் நிற்கும். ஊக்கத்தொகை பற்றி ஏதும் சொல்வதென்றால், இப்போது வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் போன மாதம் எவ்வளவுக்கு மேல் எடுத்தார்கள் என்ற தொகையைச் சொல்லலாம். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் பேசாமல் விடுவது நல்லது.

நேரம் இன்னும் சிக்கலானது. "மாலை முறை" என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைப்பார்கள். பிரித்தானியாவில் காலை 9 மணி தொடக்கம் மாலை 5 மணி என்றால், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது இங்கே பிற்பகல் 1.30 தொடக்கம் இரவு 9.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தபின், மார்ச் கடைசி ஞாயிறுவரை, 2.30 தொடக்கம் 10.30. இந்த ஒரு மணி வித்தியாசத்தை மேடையில் சொல்லாவிட்டால், கோடையில் சேர்ந்த பிள்ளை நவம்பரில் வேலையை விட்டுப் போகும். 9.30க்குத் தகப்பன் மோட்டார்சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். 10.30க்கு, அதுவும் மாரி மழையில், எத்தனை நாளைக்கு வருவார்?

அதனால் நேரத்தோடு வாகனத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். "போக்குவரத்து வசதி உண்டு" என்ற வரி எதையும் சொல்லாது. வான் வீட்டுப் படலை வரை வருமா, சந்தியில் இறக்கிவிடுமா? எந்த எல்லை வரை? கோப்பாய், மானிப்பாய், கொக்குவில் வரைதான் என்றால் ஊர்ப் பெயர்களைச் சொல்லி, அதற்கு அப்பால் இல்லை என்றும் சொல்லவேண்டும். வானில் கடைசியாக இறங்குகிறவர் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவார் என்பதுதான் பெண்பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் உண்மையில் கேட்க நினைக்கும் கேள்வி. எட்டுப் பேரை இறக்கிக்கொண்டு போகும் வானில் அது 10.30 அல்ல, 11.15 ஆக இருக்கலாம். அந்த நேரத்தையே சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம். சில நிறுவனங்கள் பெற்றோரை வாசலில் மறித்துவிடும். யாழ்ப்பாணத்தில் இது புத்தியில்லாத வேலை. இரவு வேலைக்கு ஓம் என்பதா இல்லை என்பதா என்று முடிவெடுக்கிற ஆள் பல வீடுகளில் வெளியில் வேப்பமர நிழலில் நிற்கிறார். பின்வரிசையில் கதிரை போட்டு அவர்களையும் இருத்தி, "அப்பா அம்மாமார் இதைக் கேளுங்கோ" என்று வான் கதையை அவர்களைப் பார்த்தே சொன்னால், நியமனக் கடிதம் போனபின் வரும் "வீட்டிலை விடமாட்டினமாம்" என்ற அழைப்புகள் குறையும். நேர்முக மேசைக்குப் பக்கத்தில் பெற்றோர் வரக்கூடாது என்பது சரி. அதையும் அதே பேச்சில் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

இடம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயிற்சி கொழும்பில் ஆறு வாரம் என்றால் அதையும், தங்குமிடம் யார் செலவு என்பதையும் ஒரு வசனத்தில் சொன்னால் போதும்.

இனி, போகிறவர்கள் எப்படிப் போவது? "விருப்பமில்லாதவை இப்ப எழும்பிப் போகலாம்" என்று மைக்கில் சொன்னால் ஒருவரும் அசையமாட்டார்கள். அதே மண்டபத்தில் கூடப் படித்தவரும் ஒன்றுவிட்ட சகோதரியும் பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்கள். 400 பேர் பார்க்க எழுந்து போவது தோற்றுப்போனவர் போவதுபோல இருக்கும். அதற்கு வழி தேநீர். 9.05க்குத் தொடங்கிய பேச்சை 9.15க்கு முடித்து, 15 நிமிடம் தேநீரும் பணிசும் கொடுத்து எல்லாரையும் எழுந்து நடமாட விடுங்கள். தேநீர் மேசையை வெளி வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். போகிறவர் யாருக்கும் தெரியாமல் போகலாம். படலையடியில் ஒரு பெட்டி. அதற்குள் தன் இலக்கத் துண்டைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லவேண்டும். துண்டின் பின்பக்கத்தில் "பகல் வேலை வந்தால் அறிவியுங்கள்" என்று ஒரு கட்டம் அச்சிட்டிருந்தால், அதில் சரி போட்டு, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை விளம்பரத்துக்குக் காசு செலவழிக்க முதல் கூப்பிட ஒரு பட்டியல் கையில் இருக்கும்.

இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியது காத்திருக்கும் நேரம். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை விடவேண்டும். 400 பேரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும், தலைப்பெழுத்து மைக்கில் விளங்காது, மூன்று பேர் ஒரே நேரத்தில் எழும்புவார்கள். இலக்கம்தான் நல்லது. அதிலும் தனித்தனியாக அல்ல, 32 பேர் கொண்ட குழுவாக. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் குழுவையும் நேரத்தையும் பெரிதாக எழுதிவைத்தால், பேச்சில் இவ்வளவும் போதும்:

"1 தொடக்கம் 32 வரை 9.30க்கு. ஒவ்வொரு 20 நிமிசத்துக்கும் அடுத்த 32 பேர். 200ஆம் இலக்கம் வைச்சிருக்கிற தம்பி ஏழாவது குழுவிலை, 11.30க்கு. கடையிலை சாப்பிட்டிட்டு வரலாம், கோயிலுக்குப் போட்டு வரலாம். ஆனா கொஞ்சப் பேர் போவினம், வரிசை முந்தும். அதாலை பலகையிலை இருக்கிற நேரத்துக்கு இரண்டு குழு முந்தி, 40 நிமிசம் முந்தி, இங்கை நில்லுங்கோ."

கடைசிக் குழுக்களுக்கு அந்த 40 நிமிடம் இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் போனவர்களின் இடைவெளி கூடிக்கொண்டே வரும். படலைப் பெட்டியிலுள்ள துண்டுகளை 9.30க்கு எண்ணி, பதினொரு மணிக்கு ஒருமுறை பலகையிலுள்ள நேரங்களைத் திருத்தி, மைக்கில் சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. திருத்துகிற ஆள் யார் என்று முதல்நாளே குறித்துவைக்கவேண்டும். அன்று காலை எல்லாரும் எல்லாருக்கும் சொல்லி, கடைசியில் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

இலக்க வரிசைக்கு விலக்கும் இருக்கவேண்டும். அந்த விலக்கைச் சபையிலேயே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் "ஆளைத் தெரிஞ்சவையை உள்ளை விடுகினம்" என்ற கதை பத்து நிமிடத்தில் மண்டபத்தைச் சுற்றிவிடும். குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு பிடிக்கவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகள், மன்னார், முல்லைத்தீவிலிருந்து வந்தவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள்: இவர்கள் முதல் இரண்டு குழுக்களில் போவார்கள் என்று காரணத்தோடு அறிவித்தால் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். படகு போய்விட்டால் அந்தப் பிள்ளை எங்கே இரவு தங்கும் என்பது இங்கே எல்லாருக்கும் விளங்கும்.

இரண்டாம் சுற்றின் கணக்கையும் மறைக்கக்கூடாது. அன்று 50 பேர் மட்டில்தான் பார்க்க முடியும் என்றால், முதற்சுற்றில் நல்லாகச் செய்த இன்னும் சிலருக்குத் திங்கட்கிழமை நேரம் கொடுக்கப்படும். "திங்கள் வா எண்டு சொன்னா வேண்டாம் எண்டு அர்த்தமில்லை" என்று முன்பே சொல்லாவிட்டால், திங்கள் வரச் சொன்னவர்களில் பலர் வரவேமாட்டார்கள். "பிறகு சொல்லுறம்" என்பதை இந்த ஊரில் எல்லாரும் ஒரே விதமாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்.

பேசுகிறவர் யார் என்பது அடுத்த கேள்வி. பொறுப்பாளர் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாதவர் என்றால், அவர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல, இன்னொருவர் தமிழில் ஒரு வசனம் சொல்வது வழக்கமாக நடக்கிறது. பத்து நிமிடம் இருபதாகும், சம்பளக் கணக்கு இரண்டாக உடையும். ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் இன்னும் மோசம்: எல்லாரும் தலையாட்டுவார்கள், விளங்காததை ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் கேட்டால் ஆங்கிலம் தெரியாது என்று எண்ணிவிடுவார்கள் என்ற பயம். பொறுப்பாளர் அரை நிமிடம் வணக்கம் சொல்லிவிட்டு, முழுப் பேச்சையும் தமிழ் தெரிந்த சக ஊழியரிடம் விடுவதுதான் சரி. அந்தப் பேச்சிலேயே மேசையில் எந்த மொழி என்பதையும் சொல்லலாம்: முதல் இரண்டு நிமிடம் தமிழ், மிச்சம் ஆங்கிலம், உச்சரிப்புக்குப் புள்ளி இல்லை, கேட்டதை விளங்கிப் பதில் சொல்வதற்குத்தான் புள்ளி. சிங்களம் கட்டாயமா, தெரிந்தால் நல்லதா என்பதும் இந்த இடத்தில்தான் வரவேண்டும்.

கடைசியில் "கேள்வி இருக்கா?" என்று மைக்கை நீட்டுவது வேண்டாம். ஒன்றில் ஒரு கையும் எழும்பாது, அல்லது எழும்பும் ஒரே கை போன வருடத்து நேர்முகம் பற்றிய மனக்குறையைச் சொல்லும். பதிவுப் படிவத்தோடு ஒரு வெறுந்துண்டும் கொடுத்து, கேள்வியைப் பெயரில்லாமல் எழுதிப் போடச் சொன்னால் உண்மையான கேள்விகள் வரும். தேநீர் நேரத்தில் இருவர் அவற்றைப் பிரித்து, கூடுதலாக வந்த மூன்றுக்கு 9.28க்கு மைக்கில் பதில் சொல்லலாம். என்ன வரும் என்பதை முன்பே ஊகிக்கலாம். உயர்தரத்தில் ஒரு பாடம் சித்தியில்லை, பரவாயில்லையா? வெளிவாரிப் பட்டம் படிக்கிறேன், பரீட்சைக்கு லீவு தருவீர்களா? மூன்றாவது, ஆனால் எல்லாரும் கேட்க நினைப்பது: அரசாங்க நியமனம் வந்தால் விட்டுப் போகலாமா, காசு கட்டவேண்டுமா? இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லவேண்டும். ஒரு மாத முன்னறிவித்தல் என்றால் அவ்வளவுதான். பயிற்சிச் செலவுக்காக ஒப்பந்தம் எழுதுவதென்றால் எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு தொகை என்று சொல்லவேண்டும். அதை மறைத்து, கையெழுத்து வைக்கும் நாளில் எடுத்து நீட்டினால், அந்தக் கதை அடுத்த ஆட்சேர்ப்பு நாளுக்கு முன் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

சான்றிதழ்கள் பற்றி ஒரு வசனம் உரக்கச் சொல்லவேண்டும்: மூலப்பிரதியையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தருவோம், ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் போகவேண்டாம், இந்த வேலைக்கு எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். வாசலில் "நான் உள்ளை கதைச்சு எடுத்துத் தாறன்" என்று யாராவது கிளம்புவது உண்டு. போட்டோக் கொப்பி எடுக்காமல் வந்தவர்களைக் கடை தேடி அலையவிடாமல், கொப்பி பிறகு தந்தால் போதும் என்று சொல்லிவிட்டால் வரிசை குழம்பாது.

பேச்சு போய்ச் சேர்ந்ததா என்பது முதல் குழுவிலேயே தெரிந்துவிடும். மேசையில் இருக்கிறவர்கள் "இரவு 10.30 வரை ஏலாது", "சம்பளம் குறைவு" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டு வைக்கட்டும். முதல் 32 பேரில் நாலைந்து கோடு விழுந்தால் சபைக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். சம்பளத்தையும் நேரத்தையும் மட்டும் மைக்கில் இன்னொருமுறை சொல்லவேண்டும். பல நேரம் பிழை வசனத்தில் அல்ல, ஒலியில் இருக்கும். மண்டபத்துக்குள் மின்விசிறிச் சத்தம், வெளியே பந்தலுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். எட்டு மணிக்கு ஒருவர் மைக்கில் இலக்கங்களை வாசிக்க, இன்னொருவர் கடைசி வரிசையிலும் பந்தலின் மூலையிலும் நின்று கேட்ட இலக்கத்தை எழுதிப் பார்த்தால் இது பிடிபடும். "கேக்குதா?" என்று கேட்டால் எப்போதும் "ஓம்" என்றுதான் பதில் வரும்.

பிந்தி வருகிறவர்களும் இருப்பார்கள். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர் பத்து மணிக்குத்தான் வந்து இறங்குவார். அவருக்காகப் பேச்சின் சம்பளம், நேரம், வான் எல்லை, முடிவு அறிவிக்கும் நாள் நான்கையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, இலக்கத் துண்டு கொடுக்கும்போதே கையில் கொடுக்கவேண்டும். 10.30க்கு ஒருமுறை, தொடக்கப் பேச்சுக்குப்பின் வந்தவர்களை மட்டும் பந்தலில் கூட்டி, மூன்று நிமிடத்தில் அதையே வாய்விட்டுச் சொல்லலாம்.

முடிவு அறிவிக்கும் நாளைச் சொல்லும்போது "தெரிவானவர்களுக்கு அறிவிப்போம்" என்று நிறுத்தக்கூடாது. தெரிவாகாதவருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் குறுஞ்செய்தி வரும் என்று சொல்லி, அனுப்பவும் வேண்டும். சுயவிபரக் கோவையில் இருக்கும் இலக்கம் பலவேளை தகப்பனுடையதாகவோ, இப்போது பாவிக்காத பழைய சிம்மாகவோ இருக்கும். அதனால் தேநீருக்கு எழும்புமுன், பதிவுப் படிவத்தில் தங்கள் கையில் இப்போது இருக்கும் போனின் இலக்கத்தையும், வீட்டிலுள்ள இன்னொருவரின் இலக்கத்தையும் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க விடுங்கள். ஒரு இலக்கம் பிழைத்தால் 40 இடத்தில் ஒன்று இன்னும் ஒரு கிழமை வெறுமையாகக் கிடக்கும்.